ஒரே ஆர்டர் இரண்டு தடவை: டபுள் கிளிக் டூப்ளிகேட்டைப் பிடிக்க எந்த வழி?

ஆன்லைன் கடைகளின் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. ஆர்டர் டேபிளில் ஒரே வாடிக்கையாளர், ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை. ஆனால் ஆர்டர் எண்கள் இரண்டு, நடுவில் ஓரிரு வினாடி. ‘பிளேஸ் ஆர்டர்’ பட்டனை அவர் இரண்டு தடவை தட்டியிருக்கிறார் என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. லட்சக்கணக்கான ஆர்டர்களில் இவற்றை எப்படிப் பிரித்தெடுப்பது? நேரத்தை வைத்தா, கார்ட் எண்ணை வைத்தா, பணம் போன பதிவை வைத்தா? ஒவ்வொன்றையும் ஆதரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றுமே வேலை செய்யும், ஆனால் வேறு வேறு இடங்களில் கோட்டைவிடும். எது எங்கே கோட்டைவிடும் என்று தெரிந்தால் தேர்வு சுலபம்.

## டேட்டாவில் என்ன விழுகிறது

ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த இரண்டு தட்டலுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். முதல் தட்டலில் உலாவி சர்வருக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. பக்கம் மாறவில்லை, பட்டன் அப்படியே இருக்கிறது. இரண்டாவது தட்டலில் இன்னொரு கோரிக்கை போகிறது. சர்வரில் இவற்றை இரண்டு தனித்தனி புராசஸ்கள் எடுத்துக்கொள்கின்றன. ‘இந்தக் கார்ட்டுக்கு ஏற்கெனவே ஆர்டர் உண்டா’ என்று நிரலில் ஒரு சோதனை இருந்தாலும், முதல் புராசஸ் ஆர்டரை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது அதைச் சோதித்துவிடும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும், இரண்டும் எழுதிவிடும்.

சாதாரண ஃபார்ம் வழியாகப் போகும் செக்அவுட்டில் இன்னொன்றும் நடக்கும். இரண்டாவது தட்டல் விழுந்ததும், முதல் கோரிக்கைக்கான பதிலை உலாவி கைவிட்டுவிடும். சர்வர் மட்டும் அந்த வேலையை நிறுத்தாமல் முடித்துவிடும். வாங்கியவர் திரையில் பார்ப்பது இரண்டாவது ஆர்டர் எண்ணை மட்டுமே. முதலாவது ஒன்று இருப்பது மின்னஞ்சலைப் பார்க்கும்போதோ, கூரியர்காரர் இரண்டாவது பெட்டியோடு வந்து நிற்கும்போதோதான் தெரியும். வாடிக்கையாளர் புகார் செய்யவில்லை என்பதை வைத்து டூப்ளிகேட் இல்லை என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

இடைவெளியிலும் இரண்டு வகை உண்டு. எதையும் இரண்டு தடவை தட்டியே பழகிய கை ஒன்று. விண்டோஸில் இரண்டு கிளிக்குகளை டபுள் கிளிக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கமான வரம்பு 500 மில்லிவினாடி என்பதால், இந்த வகை அரை வினாடிக்குள் முடிந்துவிடும். மற்றது பொறுமையிழந்த கை. பக்கம் நகரவில்லையே என்று மூன்று, நான்கு, சில சமயம் பத்து வினாடி கழித்து மறுபடி தட்டும். சர்வர் மந்தமாக இருக்கும் நாட்களில் இந்த இரண்டாவது வகை கூடும்.

## எதை வைத்து எடைபோடுவது

என் பார்வையில் நான்கு கேள்விகள் போதும். பழைய டேட்டாவிலும் இந்த வழி செல்லுமா? எதை எல்லாம் தவறாக டூப்ளிகேட் என்று சொல்லும்? எந்த நிஜ டூப்ளிகேட்டைத் தவறவிடும்? நம்மிடம் ஏற்கெனவே இருக்க வேண்டிய விவரம் என்ன?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கு நான் கூடுதல் எடை தருவேன். ஒரு டூப்ளிகேட்டைத் தவறவிட்டால் ஒரு பெட்டி திரும்பி வரும். உண்மையான ஆர்டரை டூப்ளிகேட் என்று ரத்து செய்தால், பொருளுக்காகக் காத்திருக்கிற ஒருவருக்கு அது போய்ச் சேராது. வெறும் அறிக்கைக்காகக் கண்டுபிடிக்கிறோம் என்றால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். அனுப்புவதை நிறுத்துவதற்காக என்றால் கறாராக இருக்க வேண்டும்.

## drop_duplicates() ஏன் இந்தப் போட்டியில் இல்லை

டூப்ளிகேட் என்றதும் பலரின் கை முதலில் போகிற இடம் பாண்டாஸின் `drop_duplicates()`. டபுள் கிளிக் ஆர்டரை அது பிடிக்காது. அதோடு, எடுக்கக்கூடாத வேறு எதையோ எடுத்துவிடும்.

இதைப் பார்க்க, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் பொதுவில் வைத்திருக்கும் Online Retail டேட்டா வசதியானது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு ஆன்லைன் பரிசுப்பொருள் கடையின் விற்பனைப் பதிவு அது. 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரை, மொத்தம் 5,41,909 வரிகள். அதில் எல்லாக் கட்டமும் ஒத்துப்போகும் வரிகளை எண்ணச் சொன்னால் 5,268 என்று வரும். ஆனால் எல்லாக் கட்டமும் என்றால் `InvoiceNo`வும் அதில் சேர்த்திதான். அதாவது இவை ஒரே பில்லுக்குள் இரண்டு தடவை வந்த வரிகள். எடுத்துக்காட்டாக, 536409 என்ற பில்லில் 21866 என்ற பொருள், ஒரு லக்கேஜ் டேக், எண்ணிக்கை 1 என்று இரண்டு வரிகளில் இருக்கிறது. அவர் இரண்டு வாங்கி, அவை தனித்தனி வரியாகப் பதிவாகியிருக்கவும் கூடும்.

டபுள் கிளிக் நடந்தால் கிடைப்பது புது ஆர்டர் எண். எண் வேறு என்றால் முழு வரி ஒருபோதும் ஒத்துப்போகாது. இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

## வழி 1: நேர இடைவெளியும் கூடையும்

ஒரே வாங்குபவர், ஒரே பொருட்கள், ஒரே எண்ணிக்கை, குறுகிய இடைவெளி. இந்த நான்கும் பொருந்தினால் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பது இந்த வழி. ஆர்டர் டேபிளும் ஆர்டரில் உள்ள பொருட்களின் டேபிளும் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய டேட்டாவிலும் ஓடும். இதுதான் இதன் பெரிய பலம்.

போஸ்ட்கிரஸில் சுருக்கமாக இப்படி இருக்கும்:

```sql
WITH o AS (
  SELECT order_id, created_at,
         COALESCE(customer_id::text, lower(email)) AS buyer,
         (SELECT string_agg(sku || ':' || qty, '|' ORDER BY sku, qty)
            FROM order_lines l
           WHERE l.order_id = orders.order_id) AS basket
  FROM orders
)
SELECT *, created_at - LAG(created_at) OVER (
            PARTITION BY buyer, basket
            ORDER BY created_at, order_id) AS gap
FROM o;
```

ஒவ்வொரு ஆர்டரின் பொருட்களையும் வரிசைப்படுத்தி ஒரே சரமாகக் கோக்கிறோம். அதே ஆள், அதே சரம், முந்தைய ஆர்டருக்கும் இதற்கும் எவ்வளவு நேரம் என்பதை `gap` சொல்லும்.

வரிசைப்படுத்துவது ஏன் முக்கியம் என்பதற்கு மேலே சொன்ன பிரிட்டன் டேட்டாவின் முதல் நாளே சாட்சி. 17850 என்ற வாடிக்கையாளரின் மூன்று பில்கள் இவை:

```
InvoiceNo  InvoiceDate       StockCode  Quantity
536366     2010-12-01 08:28  22633      6
536366     2010-12-01 08:28  22632      6
536372     2010-12-01 09:01  22632      6
536372     2010-12-01 09:01  22633      6
536377     2010-12-01 09:34  22632      6
536377     2010-12-01 09:34  22633      6
```

கைகளைச் சூடாக வைத்துக்கொள்ளும் சின்னப் பொருள், இரண்டு டிசைன், ஒவ்வொன்றிலும் ஆறு. மூன்று பில்லிலும் அதே சரக்குதான். ஆனால் முதல் பில்லில் 22633 முன்னால் இருக்கிறது, அடுத்த இரண்டில் 22632. வரிசைப்படுத்தாமல் கோத்திருந்தால் முதலாவதும் இரண்டாவதும் வேறு வேறு கூடை என்று போயிருக்கும்.

சரி, இவை டபுள் கிளிக்கா? இல்லை. இடைவெளி இரண்டு தடவையும் 33 நிமிடம். பட்டன் மேல் யாரும் 33 நிமிடம் விரலை வைத்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் மொத்த வியாபாரிகள் நிறைய. அதே சரக்கை மறுபடி கேட்டிருக்கலாம், கடைப்பக்கம் யாரோ மறுபடி பதிவு செய்திருக்கலாம். காரணம் எதுவானாலும் அது வேறு விசாரணை. ‘ஒரே நாளில் ஒரே கூடை’ என்று விதி வைக்கிறவர்கள் இவற்றையும் டபுள் கிளிக் கணக்கில் சேர்த்து, செக்அவுட் பக்கத்தைத் திருத்தும் குழுவுக்கு இல்லாத பிரச்சினை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படியென்றால் எத்தனை வினாடி வரை டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்வது? இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் ஊகத்தில் ஓர் எண்ணைப் போடுகிறார்கள். ஊகிக்கத் தேவையில்லை, டேட்டாவே சொல்லும். கிடைத்த இடைவெளிகளை எல்லாம் கட்டம் கட்டமாக எண்ணிப் பாருங்கள். ஒரு கற்பனைக் கடையில் ஒரு வருடத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

| இடைவெளி | ஜோடிகள் |
|---|---|
| 0–2 வினாடி | 61 |
| 2–10 வினாடி | 24 |
| 10–60 வினாடி | 9 |
| 1–5 நிமிடம் | 38 |
| 5–15 நிமிடம் | 60 |

கடைசி வரியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் டபுள் கிளிக் இருக்க வழியில்லை. அங்கே வரும் 60 ஜோடிகளும் வேறு காரணத்தால் தற்செயலாக ஒத்துப்போனவை. பத்து நிமிட அகலத்தில் 60 என்றால் நிமிடத்துக்கு 6. இதே வேகத்தில் தற்செயல் ஜோடிகள் எல்லா இடைவெளியிலும் வரும் என்று எடுத்துக்கொண்டால், முதல் 10 வினாடியில் வர வேண்டியது 1. வந்திருப்பதோ 85. அதாவது 10 வினாடியில் கோடு போட்டால் பிடிபடும் 85-இல் ஏறக்குறைய ஒன்றுதான் தவறு. கோட்டை 60 வினாடிக்கு நீட்டினால் கூடுதலாக 9 கிடைக்கும். ஆனால் அந்த 50 வினாடியில் தற்செயலாகவே 5 வரும், எனவே கூடுதலாகப் பிடிபடுவதில் பாதிக்கு மேல் தவறு. அனுப்புவதை நிறுத்த 10 வினாடி, கையால் சரிபார்க்க 60 வினாடி என்று இரண்டு கோடு போட்டுக்கொள்ளலாம். உண்மையில் ஒரு மனிதர் கார்ட்டை மறுபடி நிரப்பி, முகவரி தேர்ந்தெடுத்து முடிக்கவே அரை நிமிடமாவது பிடிக்கும் என்பதால், முதல் 10 வினாடியில் தற்செயல் ஜோடி நாம் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே இருக்கும்.

1–5 நிமிடக் கட்டத்தில் 24 வர வேண்டிய இடத்தில் 38 இருப்பதையும் கவனியுங்கள். பேமென்ட் தோற்றுப்போய் மறுபடி முயன்றவர்கள் அங்கே இருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்டர் வரியை எழுதிவிடும் கடைகளில் இந்தக் கூட்டம் பெரிதாக இருக்கும். அதையும் டபுள் கிளிக்கோடு குழப்பிவிடக்கூடாது.

இனி மறைமுகச் செலவுகள். முதலாவது, கெஸ்ட் செக்அவுட். வாடிக்கையாளர் எண் இல்லாத ஆர்டர்களில் `customer_id` என்பது `NULL`. `PARTITION BY customer_id` என்று நேராகப் போட்டால், எஸ்க்யூஎல் எல்லா `NULL`-ஐயும் ஒரே குழுவில் அடைத்துவிடும். சம்பந்தமே இல்லாத இரண்டு விருந்தாளிகள் ஒரே பொருளை ஒரே நேரத்தில் வாங்கினால் ஜோடியாகிவிடுவார்கள். பாண்டாஸின் `groupby` இதற்கு நேர் எதிர்: `dropna=False` என்று சொல்லாவிட்டால், எண் இல்லாத வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிரிட்டன் டேட்டாவில் 1,35,080 வரிகளில் `CustomerID` இல்லை, கிட்டத்தட்ட கால்வாசி. மேலே உள்ள நிரலில் எண் இல்லாத இடத்தில் மின்னஞ்சலை வைத்தது இதற்காகத்தான்.

இரண்டாவது, நேரத்தின் துல்லியம். பிரிட்டன் டேட்டாவில் நிமிடம் வரைதான் இருக்கிறது. ‘ஒரே நிமிடம்’ என்று குழுவாக்கினால், 08:28:59-க்கும் 08:29:01-க்கும் விழுந்த ஜோடி பிரிந்துபோகும். இடைவெளி 3 வினாடி என்றால், அது நிமிட எல்லையைத் தாண்டி விழும் வாய்ப்பு 60-இல் 3. இருபதில் ஒன்று இப்படித் தப்பிவிடும். நிமிடம் மட்டுமே உள்ள டேட்டாவில் 0 அல்லது 1 நிமிட வித்தியாசம் என்று `LAG` வைத்துத் தேடுவதே பரவாயில்லை. ஆனால் அதில் தவறுகளும் கூடும் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

மூன்றாவது, மொத்தத் தொகை. கூடையோடு தொகையையும் ஒப்பிட்டால் இன்னும் துல்லியம் என்று தோன்றும். வேண்டாம். ஒருமுறை மட்டும் செல்லும் கூப்பன் இருந்தால் முதல் ஆர்டர் அதை எடுத்துக்கொள்ளும், இரண்டாவது முழு விலைக்கு விழும். பொருளும் எண்ணிக்கையும் அதேதான், தொகை மட்டும் வேறு. தொகையையும் நிபந்தனையாக வைத்தால், வாடிக்கையாளருக்கு அதிகம் வலிக்கக்கூடிய இந்த டூப்ளிகேட்தான் முதலில் தப்பும்.

பரிசுக் கூப்பன், ரீசார்ஜ் போன்றவற்றை விற்கும் கடைக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே ஒரே பொருளை அடுத்தடுத்து வாங்குவது அன்றாடம் நடப்பது.

## வழி 2: செக்அவுட் விட்டுச்செல்லும் அடையாளம்

செக்அவுட் பக்கம் திறக்கும்போதே ஒரு தனி எண் உருவாகி, ஆர்டர் வரியிலும் அது பதிவாகிறது என்றால், கேள்வி ஒரே வரியில் முடிந்துவிடும்:

```sql
SELECT checkout_token, COUNT(*)
FROM orders
GROUP BY checkout_token
HAVING COUNT(*) > 1;
```

ஊகமே இல்லை, கோடு போட வேண்டியதில்லை. இடைவெளி அரை வினாடியானாலும் நாற்பது வினாடியானாலும் பிடிபடும். கூப்பன் ஒன்றில் மட்டும் போனாலும் பிடிபடும். துல்லியத்தில் இதற்கு நிகர் இல்லை.

ஆனால் அந்த எண் எப்போது பிறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கம் திறக்கும்போது பிறந்தால், இரண்டு தட்டலுக்கும் ஒரே எண். பட்டனைத் தட்டும்போது பிறந்தால், ஒவ்வொரு தட்டலுக்கும் புது எண். டேபிளில் எல்லாம் தனித்தன்மையோடு அழகாக இருக்கும், ஒரு டூப்ளிகேட்கூடத் தெரியாது. உங்கள் டேபிளில் இப்படி ஓர் எண் இருந்தால், நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: வழி 1-இல் 2 வினாடிக்குள் பிடிபட்ட ஜோடிகளில் இந்த எண் ஒத்துப்போகிறதா? ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை என்றால் எண் தட்டும்போது பிறக்கிறது என்று அர்த்தம்.

தனி எண் இல்லாதவர்கள் `cart_id`யை வைத்துப் பார்க்கலாம். அதில் இரண்டு இடறல்கள் உண்டு. பல விற்பனையாளர்கள் உள்ள தளத்தில் ஒரு கார்ட் நியாயமாகவே இரண்டு மூன்று ஆர்டர்களாகப் பிரியும். அங்கே கார்ட் எண்ணோடு கூடையும் ஒத்துப்போனால் மட்டுமே டூப்ளிகேட். இன்னும் சில மென்பொருட்களில், ஆர்டர் முடிந்ததும் அதே கார்ட் எண்ணைக் காலியாக்கி அடுத்த வாரத்துக்கும் பயன்படுத்துவார்கள். அங்கே நேர வரம்பு ஒன்றும் சேர்க்க வேண்டும்.

எண்ணே எங்கும் பதிவாகவில்லை என்றால், சர்வர் லாக் ஒரு மாற்று. `nginx` முன்னால் நிற்கும் தளத்தில் ஒரு நல்ல தடயம் கிடைக்கும்: உலாவி பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்ட கோரிக்கையை அது 499 என்ற எண்ணோடு பதிவு செய்யும். சாதாரண ஃபார்ம் செக்அவுட்டில் டபுள் கிளிக் விழுந்தால், லாக் இப்படி இருக்கும்:

```
10:14:07  POST /checkout/place  499
10:14:08  POST /checkout/place  302
```

கைவிடப்பட்ட முதல் கோரிக்கை 499. அடுத்தது 302, அதாவது ‘நன்றி’ பக்கத்துக்கு அனுப்பிவைத்தது. இந்த ஜோடியும், அதே வினாடிகளில் ஆர்டர் டேபிளில் இரண்டு வரிகளும் சேர்ந்து இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. 499 மட்டும் தனியே இருந்தால் அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருக்கலாம், அது டபுள் கிளிக் ஆகாது. ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் கோரிக்கை அனுப்பும் செக்அவுட்டில் முதல் கோரிக்கை கைவிடப்படாது. அங்கே இரண்டும் 200 என்று வரும்.

லாக்கின் செலவு வேறு மாதிரி. டெபியன் வகை லினக்ஸில் `nginx` லாக் வழக்கமான அமைப்பில் 14 நாள்தான் நிற்கும். வழக்கமான வடிவத்தில் நேரம் வினாடி வரைதான், குக்கியும் பதிவாகாது. பாக்கி இருப்பது ஐபி முகவரி. மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஐபியைப் பகிர்ந்துகொள்வதால் அதை ஆளின் அடையாளமாக எடுக்க முடியாது. லாக் வடிவத்தில் `$msec`-ஐயும் செஷன் எண்ணையும் இன்றே சேர்த்தால் நாளையிலிருந்து உதவும். போன வருடத்துக்கு உதவாது.

## வழி 3: பணம் போன தடம்

நிதிப் பிரிவில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் சாய்வார்கள். இரண்டு தடவை பணம் எடுக்கப்பட்டதா என்பதே அவர்களுக்கு முக்கியம், அது நியாயமும்கூட. ஆனால் டபுள் கிளிக்கைக் கண்டுபிடிக்கும் கருவியாக எடுத்தால், இது எந்த நாட்டில், எந்த முறையில் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து மிக வலுவானதாகவும் இருக்கும், பயனற்றதாகவும் இருக்கும்.

மிக வலுவான தடயம், ஒரே பேமென்ட் எண் இரண்டு ஆர்டர்களில் இருப்பது. ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் சேவைகளில் `Idempotency-Key` என்று ஒரு தலைப்பை அனுப்பலாம். அதே கீயோடு இரண்டாவது கோரிக்கை வந்தால், புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் முடிவையே திருப்பித் தருவார்கள். கீயைக் கார்ட் எண்ணிலிருந்து செய்திருந்தால், வாடிக்கையாளரிடம் ஒரு தடவைதான் பணம் போகும், நம் டேபிளில் ஆர்டர் இரண்டு நிற்கும். நிதிக் கணக்கு சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கிடங்கிலிருந்து இரண்டு பெட்டி கிளம்பும். கீயை ஆர்டர் எண்ணிலிருந்து செய்திருந்தால் இரண்டு கீ, இரண்டு தடவை பணம்.

இந்தியாவில் நிலைமை வேறு. கார்டுக்கு ஓடிபி, யுபிஐக்கு பின். ஆர்டர் இரண்டு விழுந்தாலும், வாங்குபவர் தன் கையால் ஒன்றுக்குத்தான் பணம் கட்டுவார். எனவே ஒரு ஆர்டர் பணம் வந்ததாகவும், மற்றது ‘பெண்டிங்’ என்றும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், பேமென்ட் தோற்று மறுபடி முயன்றவரின் டேட்டாவும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். இரண்டையும் பிரிக்க நான் நம்புவது ஒரு சோதனையை. இரண்டாவது ஆர்டர் எழுதப்பட்ட நேரத்தை, முதல் ஆர்டரின் பேமென்ட் தோற்ற நேரத்தோடு ஒப்பிடுங்கள். தோற்ற பிறகு இரண்டாவது ஆர்டர் பிறந்திருந்தால் அது மறுமுயற்சி. முதல் பேமென்ட்டுக்கு எந்த முடிவும் வருவதற்கு முன்பே பிறந்திருந்தால் அது டபுள் கிளிக். இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு நேரமும் ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டும். பேமென்ட் நிறுவனத்தின் அறிக்கை உலக நேரத்திலும் நம் டேபிள் இந்திய நேரத்திலும் இருந்தால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் ஒப்பிட்டு எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடலாம்.

கேஷ் ஆன் டெலிவரியில் இந்த வழி கைகொடுக்காது. ஆர்டர் சமயத்தில் பேமென்ட் பதிவே இல்லை. ஓடிபியும் இல்லாததால் இரண்டு தட்டலும் தடையின்றி இரண்டு உறுதியான ஆர்டர்களாகிவிடும். கடையின் சொந்த வாலட்டில் இருக்கும் பணத்துக்கும் ஓடிபி கேட்காத தளங்களில் இதே கதை, கூடவே வாலட்டிலிருந்து பணமும் இரண்டு தடவை போய்விடும். இந்தியக் கடைகளில் டூப்ளிகேட்டை முதலில் தேட வேண்டிய இடம் இந்த இரண்டும்தான். பேமென்ட் தடத்தை மட்டும் நம்புகிறவர்கள் கேஷ் ஆன் டெலிவரியை ஒட்டுமொத்தமாகத் தவறவிடுவார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நேரம் + கூடை | செக்அவுட் எண் | பேமென்ட் தடம் |
|---|---|---|---|
| பழைய டேட்டா | ஓடும் | அன்றே பதிவு செய்திருந்தால் மட்டும் | பெரும்பாலும் ஓடும் |
| தவறாகச் சேர்ப்பது | வேண்டுமென்றே மறுபடி வாங்கியவர் | பல ஆர்டராகப் பிரிந்த கார்ட் | பேமென்ட் தோற்று மறுபடி முயன்றவர் |
| தவறவிடுவது | கோட்டைத் தாண்டிய மந்தமான ஜோடி | எண் தட்டும்போது பிறந்தால் எல்லாமே | கேஷ் ஆன் டெலிவரி முழுவதும் |
| வேண்டிய விவரம் | ஆர்டர், பொருள் டேபிள்கள் | டேபிளில் ஒரு புதுக் கட்டம் | பேமென்ட் அறிக்கை, ஒரே நேர மண்டலம் |

## யாருக்கு எது

போன வருடம் எத்தனை டூப்ளிகேட் விழுந்தது, எவ்வளவு நஷ்டம் என்று அறிக்கை கேட்கிறார்கள் என்றால், வழி 1. அன்று செக்அவுட் எண் பதிவாகாத கடையில் வேறு நல்ல வழி இல்லை. இடைவெளிக் கட்டங்களையும் அறிக்கையில் சேர்த்துக் கொடுங்கள், கோட்டை ஏன் அங்கே போட்டீர்கள் என்பதற்கு அதுவே பதில்.

செக்அவுட் நிரலில் கைவைக்க உங்களுக்கு உரிமை இருந்தால், வழி 2-ஐ இன்றே தொடங்குங்கள். அதோடு அந்தக் கட்டத்துக்கு டேட்டாபேஸில் `UNIQUE` கட்டுப்பாடும் போட்டுவிட்டால் இரண்டாவது ஆர்டர் எழுதப்படவே படாது. அப்போது கண்டுபிடிக்கும் வேலை, தடுக்கப்பட்ட முயற்சிகளை எண்ணும் வேலையாக மாறிவிடும். பட்டனைத் தட்டியதும் முடக்கிவைப்பதும் நல்லதுதான், ஆனால் ஸ்கிரிப்ட் ஏறுவதற்குள் தட்டப்படும் தட்டலை அது தடுக்காது.

கார்டை ஓடிபி இல்லாமல் நேரடியாகப் பிடிக்கும் நாடுகளுக்கு விற்கும் கடை என்றால், வழி 3-ஐ முதலில் ஓட்டுங்கள். அங்கே இரண்டு தடவை போன பணத்தைத் திருப்பித் தருவதுதான் அவசரம். உள்ளூரில் கேஷ் ஆன் டெலிவரி அதிகம் உள்ள கடை என்றால், பெட்டி கட்டுவதற்கு முன் வழி 1-ஐ 10 வினாடிக் கோட்டோடு ஓட்டி, பிடிபட்டதை ரத்து செய்யாமல் நிறுத்திவைத்து, வாங்கியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவது போதும். கணக்கிட்ட எடுத்துக்காட்டில் வருடத்துக்கு 85 அழைப்புகள், ஒரு ஆளுக்கு வாரம் இரண்டு கூட வராது.

## பிடித்த பிறகு அழிக்காதீர்கள்

எந்த வழியில் பிடித்தாலும், டூப்ளிகேட் வரியை டேபிளிலிருந்து அழிக்காமல் `dup_of` என்று ஒரு கட்டம் வைத்து, எந்த ஆர்டரின் நகல் என்று குறித்துவிடுங்கள். அறிக்கையில் அந்தக் குறி உள்ளவற்றைத் தவிர்த்தால் போதும்.

இதற்குக் கணக்கு சார்ந்த காரணம் இருக்கிறது. டூப்ளிகேட் என்று வாடிக்கையாளரே கவனித்து ரத்து செய்த ஆர்டர்களும் டேட்டாவில் இருக்கும். பிரிட்டன் டேட்டாவில் ரத்து என்பது தனி பில். எண் C என்று தொடங்கும், எண்ணிக்கை மைனஸில் இருக்கும். 500 ரூபாய் ஆர்டர் இரண்டு தடவை விழுந்து, ஒன்று ரத்தானது என்றால் வரிகள் மூன்று: +500, +500, −500. கூட்டினால் 500, சரியான விற்பனை. நீங்கள் டூப்ளிகேட்டை மட்டும் அழித்து ரத்து வரியை விட்டுவிட்டால் மிஞ்சுவது +500, −500. விற்பனையே நடக்கவில்லை என்று ஆகிவிடும். எனவே குறி போடும்போது, அந்த ஆர்டருக்கான ரத்து வரி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதற்கும் அதே குறியைப் போட வேண்டும். பிரிட்டன் டேட்டாவின் ரத்து பில்லில் எந்த ஆர்டரை ரத்து செய்தது என்ற கட்டம் கிடையாது. வாடிக்கையாளர், பொருள், எண்ணிக்கை மூன்றையும் வைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ரத்துகளால் இன்னொரு பயனும் உண்டு. நீங்கள் போட்ட கோடு சரியா என்று பார்க்க, 0–10 வினாடி ஜோடிகளில் எத்தனை சதவீதம் பின்னால் ரத்தாகவோ திரும்பியோ வந்தது, 5–15 நிமிட ஜோடிகளில் எத்தனை சதவீதம் என்று ஒப்பிடுங்கள். முதல் கூட்டத்தில் ரத்து விகிதம் பல மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது டபுள் கிளிக் அல்ல. கூடைச் சரத்தையும், வாங்குபவரை அடையாளம் காணும் கட்டத்தையும் மறுபடி திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த `NULL`தான் அங்கே உட்கார்ந்திருக்கும்.